கடைக்காரருக்கு ஒரே ஒரு வாக்கியம்: கணக்கு மென்பொருளை அவர் பேச்சிலேயே சொல்வது எப்படி

"சிறு வணிகர்களுக்கான கிளவுட் அடிப்படையிலான முழுமையான ஜிஎஸ்டி பில்லிங், இன்வென்ட்ரி மற்றும் கணக்கியல் தீர்வு."

கடைகளுக்கான கணக்கு ஆப் செய்கிறவர்கள் பலர் ஏறக்குறைய இப்படித்தான் தங்கள் முகப்பு வரியை எழுதுகிறார்கள். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் மளிகைக் கடையில் தராசுக்குப் பின்னால் நிற்கிறவருக்கு இதில் ஒரு சொல்கூட அவருடைய நாளைப் பற்றிப் பேசவில்லை. படித்துவிட்டு "ஏதோ கம்ப்யூட்டர் சமாச்சாரம், நமக்கு இல்லை" என்று போனை வைத்துவிடுவார். இந்த வரியை அவர் நின்று படிக்கிற வரியாக மாற்றும் வேலையைப் படிப்படியாகப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு பொருள்: தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் உள்ள மளிகைக் கடைகளுக்கான, போனில் ஓடும் கணக்கு ஆப். பில் போடும், சரக்கு இருப்பு காட்டும், கடன் வாங்கியவர்களின் பாக்கியை வைத்திருக்கும், வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் நினைவூட்டும்.

முதலில், எந்தக் கடை என்று முடிவு செய்யுங்கள்

"சிறு கடைக்காரர்" என்று ஒருவர் கிடையாது. எழுதத் தொடங்கும் முன்பே இதைப் பிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் எல்லாருக்கும் பொருந்துகிற, யாருக்கும் உறைக்காத வரிதான் வரும்.

கணக்கு மென்பொருளைப் பொறுத்தவரை பிரிக்கச் சுலபமான கோடு ஜிஎஸ்டி. மாநிலத்துக்குள்ளேயே சரக்கு மட்டும் விற்கும் கடை, ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாகப் பதிவே செய்யத் தேவையில்லை. ஆண்டு முழுக்கக் கடை திறந்திருப்பதாக வைத்துக்கொண்டால், நாளுக்குச் சுமார் 11,000 ரூபாய் வியாபாரம். தெருமுனைக் கடைகளில் பல இந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்கின்றன. அவர்களிடம் போய் "ஜிஎஸ்டி பில் நொடியில்" என்றால், இல்லாத நோய்க்கு மருந்து விற்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்த கூட்டம் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள். 1.5 கோடி விற்பனை வரை இதில் இருக்கலாம். சரக்கு வாங்கி விற்பவர் விற்பனையில் 1 சதவீதத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் கையிலிருந்து கட்டிவிடுவார். வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது, வரி பிரித்துக் காட்டும் பில்லும் போடக் கூடாது. ஆக, "ஜிஎஸ்டி பில் நொடியில்" என்ற வாசகம் இவருக்கும் பொருந்தாது. மூன்றாவதாக, வழக்கமான முறையில் பதிவு செய்து, ஆடிட்டரிடம் பில் கட்டு கொடுத்துக்கொண்டிருப்பவர். ஜிஎஸ்டி பேச்சு இவரிடம் எடுபடும். ஆனால் இவர் பெரும்பாலும் ஏற்கெனவே ஏதாவது ஒரு பில்லிங் மென்பொருள் வைத்திருப்பார்.

நம் எடுத்துக்காட்டுக்கு முதல் இரண்டு கூட்டங்களையும் சேர்த்து எடுத்துக்கொள்வோம்: பதிவு இல்லாத, அல்லது காம்போசிஷனில் இருக்கிற, தெரிந்த ஆட்களுக்கு நோட்டுப் போட்டுக் கடன் கொடுக்கிற மளிகைக் கடை. இந்த ஒரு முடிவிலேயே "ஜிஎஸ்டி" என்ற சொல் நம் வரியிலிருந்து போய்விட்டது.

கடைக்குப் போய்க் கேளுங்கள், ஆனால் ஆப்பைப் பற்றிக் கேட்காதீர்கள்

மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை மளிகைக் கடையில் கூட்டம் குறைவு. அதுதான் பேச்சுக்கு நேரம். முடிந்தால் மாத முதல் வாரத்தில் மாலை வேளையில் ஒருமுறை போய், பேசாமல் ஓரமாக நின்று பார்த்துவிட்டும் வரலாம். சம்பளம் வந்து பாக்கி அடைகிற நாட்கள் அவை. கடன் நோட்டு எத்தனை முறை திறக்கிறது, யார் பக்கத்தைத் தேட எவ்வளவு நேரமாகிறது என்று நேரிலேயே தெரியும்.

"கணக்குப் பார்க்க ஆப் இருந்தா நல்லா இருக்குமா?" என்று கேட்டால் எல்லாருமே "நல்லாத்தான் இருக்கும்" என்பார்கள். மரியாதைக்குச் சொல்லும் பதில் அது. நடந்த காரியத்தைப் பற்றிக் கேட்க வேண்டும்:

"அண்ணாச்சி, நேத்து ராத்திரி கடை சாத்துறதுக்கு முன்னாடி என்னென்ன கணக்குப் பாத்தீங்க?"

"என்னத்தப் பாக்க தம்பி, கல்லாவ எண்ணுவேன். ஏஜென்சிக்காரனுக்கு நாளைக்குக் குடுக்கணும்னா தனியா எடுத்து வைப்பேன்."

"கடன் நோட்டு?"

"அதப் பாத்தா தூக்கம் வராது. வெளிய எவ்வளவு நிக்குதுன்னு சாமிக்குத்தான் தெரியும்."

இது நான் கோத்து எழுதிய உரையாடல்தான். ஆனால் கடை கடையாக ஏறி இறங்கினால் இந்த மூன்று விஷயங்களும் திரும்பத் திரும்பக் காதில் விழும்: கல்லாவில் இருக்க வேண்டிய பணம், ஏஜென்சிக்குக் கொடுக்க வேண்டிய பணம், வெளியே நிற்கிற பணம். "லாபம் எவ்வளவு" என்ற கேள்வி எதிர்பார்க்கிற அளவுக்கு வருவதில்லை. வீட்டுச் செலவும் கடைச் செலவும் ஒரே கல்லாவிலிருந்து போகிற இடத்தில் லாபத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் குறைவு. அதனால் "உங்கள் லாபத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்" என்ற வரி நமக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தாலும், அவர் இரவில் தனக்குள் கேட்டுக்கொள்கிற கேள்வி அது இல்லை.

அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். "வாடிக்கையாளர் நிலுவை தொடர்பான கவலை" என்று குறிப்பில் எழுதினால் வேலை கெட்டது. "வெளிய எவ்வளவு நிக்குது" என்றே எழுதுங்கள். வரிக்கு வேண்டிய சரக்கு அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

உங்கள் போட்டி நாற்பது ரூபாய்க்கு வாங்கிய கணக்கு நோட்டு

இந்த வேலையில் பலர் தாண்டிப் போய்விடுகிற படி இதுதான். வேறு ஆப்களோடு ஒப்பிட்டு "நாங்கள் வேகம், நாங்கள் எளிது" என்று எழுதுகிறார்கள். கடைக்காரர் வேறு ஆப் எதையும் பார்த்ததில்லை. அவர் கையில் இருப்பது நீளமான ஒரு கணக்கு நோட்டும், காதில் செருகிய பேனாவும்.

அந்த நோட்டை மதித்துப் பாருங்கள். சார்ஜ் தீராது. கடையில் வீட்டம்மா இருந்தாலும், மகன் இருந்தாலும், வேலைக்கு நிற்கிற பையன் இருந்தாலும் எழுதிவிடலாம். பெயரைத் தேடிப் பக்கத்தைத் திறந்தால் அந்த ஆளின் பாக்கி கண்ணுக்கு முன்னால் இருக்கும். ஆக, "யார் எவ்வளவு தர வேண்டும் என்று தெரியும்" என்று மட்டும் சொன்னால் அவர் சிரிப்பார். நோட்டிலும் அது தெரிகிறதே.

நோட்டால் முடியாதது என்ன என்று தேட வேண்டும். அறுபது பக்கத்திலும் இருப்பதைக் கூட்டி மொத்தம் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று அது சொல்லாது. யார் பாக்கி எத்தனை நாளாக அசையாமல் கிடக்கிறது என்று சொல்லாது. இரண்டாவதுதான் பெரியது. 4,000 ரூபாய் பாக்கி வைத்து மாதாமாதம் அடைக்கிறவர் நல்ல வாடிக்கையாளர். 900 ரூபாய் பாக்கி வைத்து நாலு மாதமாகக் கடைப் பக்கமே வராதவர்தான் இழப்பு. நோட்டில் பெரிய தொகைதான் கண்ணில் படும், பழைய தொகை உள்பக்கங்களில் மறைந்துவிடும். ஆப் நாள் வாரியாக வரிசைப்படுத்திக் காட்டினால் அந்த 900 ரூபாய் மேலே வந்து நிற்கும்.

இதுதான் நம் வரியின் உயிர்: மொத்தம் எவ்வளவு, யாரிடம், எத்தனை நாளாக.

இப்போது எழுதுங்கள்

"இன்னாருக்கு, இன்ன சிக்கலை, இன்ன வழியில் தீர்க்கிறோம்" என்ற அச்சு பரவலாகப் புழங்குகிறது. உங்களுக்குள் தெளிவு வருவதற்கு அதை ஒருமுறை நிரப்பிப் பார்க்கலாம்:

"நோட்டுப் போட்டுக் கடன் கொடுக்கும் மளிகைக் கடைக்காரர்களுக்கு, வெளியே நிற்கும் பணம் மொத்தம் எவ்வளவு, யாரிடம், எத்தனை நாளாக என்பதைப் போனிலேயே காட்டும் கணக்கு ஆப்."

சரக்கு சரிதான். ஆனால் இது குழுவுக்குள் சுவரில் ஒட்டி வைக்கிற வரி, கடைக்காரருக்குக் காட்டுகிற வரி இல்லை. நீளம் ஒரு காரணம். இன்னொன்று, நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். "கடைக்காரர்களுக்கு" என்று தொடங்கி "காட்டும் ஆப்" என்று முடியும்வரை படிக்கிறவர் எல்லாவற்றையும் மனதில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்குள் வாடிக்கையாளர் வந்து அரைக் கிலோ துவரம் பருப்பு கேட்டுவிடுவார்.

ஆகவே இரண்டாக உடையுங்கள். முதல் பாதியில் அவருடைய கேள்வி, இரண்டாவதில் பதில்:

"வெளியே நிற்கும் பணம் யாரிடம், எவ்வளவு, எத்தனை நாளாக? போனில் பாருங்கள்."

"மளிகைக் கடைக்காரர்களுக்கு" என்பதை எடுத்துவிட்டேன். "வெளியே நிற்கும் பணம்" என்று படித்ததுமே கடன் கொடுக்கிறவருக்குத் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கடன் கொடுக்காதவர் கடந்து போவார், போகட்டும். பில், சரக்கு இருப்பு ஆகியவற்றையும் விட்டாயிற்று. ஆப்பில் அவை இருக்கின்றன, அடுத்த வரியில் சொல்லிக்கொள்ளலாம். முதலாளி "நாம் இவ்வளவு செய்திருக்கிறோமே, அதெல்லாம் எங்கே?" என்று நிச்சயம் கேட்பார். அந்தப் பேச்சுவார்த்தைக்குத் தயாராக இருங்கள், ஏனென்றால் நல்ல வரிகள் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில்தான்.

களை எடுப்பது

துறைச் சொல் என்றதும் ஆங்கிலச் சொல்லை மட்டும் தேடுகிறோம். கிளவுட், டேஷ்போர்டு, இன்வென்ட்ரி, ரீகன்சிலியேஷன், டபுள் என்ட்ரி எல்லாம் போக வேண்டியவைதான். ஆனால் "நிலுவைத் தொகை", "பெறத்தக்கவை", "சரக்கிருப்பு மேலாண்மை", "கணக்கியல் தீர்வு" ஆகியவையும் கடைக்காரருக்கு அதே அளவு தூரம். மாறாக பில், ஸ்டாக், ஏஜென்சி, ஆடிட்டர், போன் ஆகியவை அவர் நாளெல்லாம் பேசுகிறவை, தாராளமாக வரலாம். அளவுகோல் ஒன்றுதான்: அந்தச் சொல்லை அவர் தன் வீட்டம்மாவிடம் சொல்வாரா? "பாக்கி" என்பார், "கடன்" என்பார். "ரிசீவபிள்" என்றும் சொல்ல மாட்டார், "பெறத்தக்கவை" என்றும் சொல்ல மாட்டார்.

சில சொற்கள் புரியும், ஆனால் பயமுறுத்தும். "ஆன்லைனில் எல்லாம் பதிவாகும்" என்று பெருமையாக எழுதினால், "அப்ப நம்ம கணக்கு வெளியே போகுமா? வரி ஆபீசுக்குத் தெரியுமா?" என்று அவர் யோசிக்கத் தொடங்குவார். போன் தொலைந்தாலும் கணக்கு தொலையாது என்பதுதான் நீங்கள் சொல்ல வந்தது என்றால் அதை அப்படியே, கீழே வேறு இடத்தில் சொல்லுங்கள். "தானாக வசூலிக்கும்" என்பதும் இந்த வகைதான். பாக்கி கேட்டால் ஆள் எதிர்க்கடைக்குப் போய்விடுவாரோ என்று அஞ்சுகிறவர், தனக்குத் தெரியாமல் ஒரு ஆப் தன் வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பும் என்று கேட்டால் பதறுவார். எப்போது நினைவூட்டுவது, யாருக்கு என்பது அவர் கையில் இருப்பதாகத் தெரிய வேண்டும். நம் வரி "பாருங்கள்" என்று நிற்பதற்குக் காரணம் அதுதான்.

வரி உண்மையா என்று கடையில் வைத்துப் பாருங்கள்

நம் வரி நிற்பது ஒரே ஒரு நிபந்தனையில்: ஒவ்வொரு கடனும் ஆப்பில் ஏற வேண்டும். மாலை ஆறரைக்கு ஐந்து பேர் காத்து நிற்கும்போது ஒரு கடனை ஏற்ற எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். பக்கத்திலேயே நோட்டில் எழுத ஆகிற நேரத்தையும் பாருங்கள். பெயரைத் தேடித் தொகையைத் தட்டுவது, நோட்டைத் திறந்து எழுதுவதைவிடத் தெளிவாக அதிக நேரம் பிடித்தால், கூட்ட நேரத்தில் அவர் நோட்டுக்கே திரும்புவார். பாதிக் கடன் நோட்டில், பாதி ஆப்பில் என்று ஆனால், திரையில் தெரியும் மொத்தம் தப்பு. ஒருமுறை தப்பான மொத்தத்தைப் பார்த்தவர் பிறகு அந்த ஆப்பை நம்ப மாட்டார். இந்த இடத்தில் திருத்த வேண்டியது வரியை இல்லை, ஆப்பை. பெயரின் முதல் எழுத்தைத் தட்டியதும் ஆள் வர வேண்டும், அல்லது அடிக்கடி வருகிறவர்கள் மேலேயே இருக்க வேண்டும்.

வாக்குறுதியின் எல்லையையும் கவனியுங்கள். பாக்கியைக் காட்டுவது ஆப்பின் வேலை, கொடுப்பது வாடிக்கையாளரின் மனசு. "பாக்கி முழுவதும் வசூல்" என்று எழுதினால் அதற்கு நீங்கள் பொறுப்பேற்க முடியாது. "இலவசம்" என்ற சொல்லுக்கும் அப்படியே. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு எதிராக 2022-இல் வந்த வழிகாட்டு நெறிகள் இலவசம் என்ற விளம்பரங்களைப் பற்றித் தனியாகவே பேசுகின்றன. முப்பது நாள் மட்டும் இலவசம் என்றால் முப்பது நாள் என்று அந்த இடத்திலேயே போட்டுவிடுங்கள்.

ஐந்து நொடிச் சோதனை

உங்கள் ஆப்பைப் பார்த்திராத கடைக்காரரிடம் வரியைப் போன் திரையில் ஐந்து நொடி காட்டி, மறைத்துவிட்டு, "இது என்ன பண்ணும்னு நெனைக்கிறீங்க அண்ணாச்சி?" என்று கேளுங்கள். "ஏதோ கணக்கு ஆப்" என்றால் வரி தோற்றது. "யாரு காசு தராம இழுக்காங்கன்னு காட்டும்போல" என்றால் வென்றது. அவர் சொன்ன சொல் உங்கள் வரியில் இருப்பதைவிட நன்றாக இருந்தால் கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிலைவிட, அடுத்து அவர் கேட்கிற கேள்வியில் விஷயம் அதிகம். "நல்லாருக்கு தம்பி" என்று மட்டும் சொன்னால் அது மரியாதை. "பழைய நோட்டுல இருக்கறத யாரு ஏத்துறது?" என்று கேட்டால், மனதுக்குள் அவர் தன் கணக்கை அதில் வைத்துப் பார்த்துவிட்டார் என்று பொருள். அந்தக் கேள்விக்கான பதில்தான் உங்கள் இரண்டாவது வரி: "பழைய பாக்கியைப் பெயரும் தொகையுமாகப் போட்டால் போதும், பக்கம் பக்கமாக ஏற்ற வேண்டாம்." இப்படிச் சொல்ல, பழைய கடனை ஒரே தொகையாக ஏற்றும் வசதி ஆப்பில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒன்று மட்டும்: அப்படி ஏற்றும்போது கடன் வாங்கியவர் கடைசியாகப் பணம் கொடுத்த தேதியையும் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் எல்லாப் பழைய பாக்கியும் இன்றைக்குத்தான் தொடங்கியதாகக் காட்டி, "எத்தனை நாளாக" என்பது பொய்யாகிவிடும்.

கூகுள் பிளேயில் இரண்டு வரிகளைப் போட்டு எது அதிகமாக இறக்கப்படுகிறது என்று ஒப்பிடும் வசதி உண்டு. வருகிறவர்கள் கொஞ்சமாக இருக்கும்போது அந்த எண்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம். இறக்கியவர்களில் எத்தனை பேர் முதல் வாரத்தில் பத்துக் கடன் கணக்காவது ஏற்றினார்கள் என்று பாருங்கள். அந்த எண்ணிக்கை குறைவாக இருந்தால், வரி சொன்னதும் உள்ளே இருப்பதும் வேறு வேறு என்று அர்த்தம்.

எங்கே போகிறதோ அந்த அளவுக்கு வெட்டுங்கள்

கூகுள் பிளேயில் சுருக்க விளக்கத்துக்கு 80 எழுத்து, ஆப் பெயருக்கு 30. தமிழில் எழுதும்போது இந்த எண்ணிக்கை ஏமாற்றும். "கு" என்பது நமக்கு ஒரு எழுத்து, இயந்திரத்துக்கு க ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. புள்ளி வைத்த எழுத்தும் இரண்டுதான். நம் வரியைக் கண்ணால் எண்ணினால் இடைவெளி, நிறுத்தக்குறி எல்லாம் சேர்த்து 46 வரும். இயந்திரக் கணக்கில் 70. பிளேயில் தாராளமாக அடங்கும்.

எஸ்எம்எஸ்ஸில்தான் இடுக்கு. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 என்றால், தமிழில் 70. அதைத் தாண்டினால் பாகம் பாகமாக உடைந்து, ஒரு பாகத்துக்கு 67 என்று குறைந்துவிடும், ஒவ்வொரு பாகத்துக்கும் தனிக் காசு. நம் வரி சரியாக 70-இல் நிற்கிறது, ஆனால் இணைப்பு சேர்த்தால் இரண்டு பாகம். கணக்குப் போட்டுவிட்டு அனுப்புங்கள். விளம்பர எஸ்எம்எஸ்ஸின் வாசகத்தை முன்கூட்டியே தொலைபேசி நிறுவனங்களின் டிஎல்டி பதிவுத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதால், வரியை வாரம் ஒன்றாக மாற்றிக்கொண்டிருக்கவும் முடியாது.

ஊர் ஊராகப் போகிற விற்பனை ஆள் இதையே வாயால் சொல்லும்போது எழுத்து நடை வேண்டாம். "அண்ணாச்சி, வெளிய நிக்கிற பணம் யார்ட்ட, எவ்வளவு, எத்தன நாளாகுதுன்னு போன்லயே பாத்துக்கலாம்." அவ்வளவுதான். இதற்குமேல் அவர் ஆப்பின் பெருமையை அடுக்கத் தொடங்கினால் நிறுத்தச் சொல்லுங்கள், கடைக்காரர் நோட்டை எடுத்துக் காட்டும்வரை காத்திருக்கட்டும்.

வேறு கடைக்கு வேறு வரி

இதே வரியை ஹார்டுவேர் கடைக்குக் கொண்டுபோனால் பாதிதான் பொருந்தும். அங்கே கடன் வாங்குவது கொத்தனாரும் பிளம்பரும். ஒரே ஆள் மூன்று வீட்டு வேலைக்குச் சரக்கு எடுப்பார். எந்த வீட்டுக்கு எடுத்த சரக்குக்குப் பணம் வரவில்லை என்பதுதான் தகராறு. "மேஸ்திரி எந்த வீட்டுக்கு எடுத்த சரக்குக்குப் பாக்கி? பில்லோடு போனில் பாருங்கள்." மருந்துக் கடையில் கடனைவிட, தேதி முடியப்போகிற மருந்தை ஏஜென்சிக்குக் காலத்தோடு திருப்பி அனுப்புவதுதான் பணம். ஜிஎஸ்டியில் வழக்கமான முறையில் பதிவு செய்து மாதாமாதம் தாக்கல் செய்கிற கடைக்கு, விற்பனை விவரம் போக வேண்டிய கடைசி நாள் அடுத்த மாதம் 11ஆம் தேதி. அவருக்கு "11ஆம் தேதிக்கு முன்னால் ஆடிட்டர் போன் பண்ண வேண்டாம், பில் எல்லாம் ஏற்கெனவே அவரிடம்" என்று எழுதலாம். காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், 5 கோடி வரை விற்பனை உள்ளவர்களுக்கு அந்த வழி உண்டு. அவர்களுக்கு அந்தத் தேதியைப் போட்டால் தப்பாகிவிடும், அதனால் எந்தக் கூட்டத்துக்கு அனுப்புகிறீர்கள் என்று பட்டியலைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.